கடனுக்கு விற்ற பெயிண்டுக்கும் வற் வரி



2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. பதிவுக்கான ஆண்டு விற்பனை எல்லையும் 8 கோடியிலிருந்து 6 கோடி ரூபாயாக இறங்கியது. அப்படி வரிக்குள் வந்த ஒரு மாத்தளை ஹாட்வெயார் கடையை எண்ணிப் பார்ப்போம்.

வரியோடு சேர்த்து மாத விற்பனை 59 இலட்சம். கடைக்காரர் அதையே வருமானமாக மாத வரவு செலவு மதிப்பீட்டில் எழுதுகிறார். உண்மையில் வருமானம் 50 இலட்சம்தான், 9 இலட்சம் வரி. கொள்முதல் 47.2 இலட்சம், அதில் வரி 7.2. வித்தியாசமான 1.8 இலட்சத்தை அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும். போட்டிக்குப் பயந்து பழைய விலையிலேயே விற்றால் வரி அவருடைய இலாபத்திலிருந்துதான் போகும்.

சிக்கல் கடன் கொப்பியில் இருக்கிறது. மிளகு விற்றதும் தருகிறேன் என்று வாடிக்கையாளர் 10 இலட்சத்துக்குப் பொருள் எடுத்திருந்தால், கைக்கு வருவது 49 இலட்சம். கொள்முதலுக்குக் கொடுத்தபின் மிஞ்சுவது 1.8 இலட்சம். அது முழுதும் வரிக்கே சரி. சம்பளம், வாடகைக்கு ஒரு சதமும் இல்லை. காசு வராவிட்டாலும் பொருள் கொடுத்த மாதத்திலேயே வரி விழுகிறது.

வழங்குநரிடம் வற் பற்றுச்சீட்டு வாங்காவிட்டால் அந்த 7.2 இலட்சத்தையும் கழிக்க முடியாது. ஆகவே மாத மதிப்பீட்டில் விற்பனையை வரியில்லாமல் எழுதி, வரி கட்டும் திகதிக்குத் தனி நிரை ஒன்று போடுவது நல்லது.

வாசகர் ஒருவர்,
மாத்தளை