பொறுப்பின் பெயரும் அதன் பொருளும்

பெங்களூர் நகரின் வடமேற்கே உள்ள பீன்யா தொழிற்பேட்டையில் ஆயிரக்கணக்கான சிறு தொழிற்சாலைகள் இயங்குகின்றன. கொள்முதலையும் சரக்கு வரவையும் கணினியில் பதியும் வழக்கம் அங்கு வேரூன்றிவிட்டது. கணினியில் யார் எதைச் செய்யலாம் என்பதை வரையறுக்கும் அனுமதித் தொகுதியை அலுவலகங்களில் 'ரோல்' என்பர். இங்கே 'பொறுப்பு' எனக் கொள்வோம்.

அத்தகைய தொழிற்சாலை ஒன்றில், எஸ்.ஏ.பி. மென்பொருளைக் கையாளும் பண்டகசாலைக்குப் புதிய எழுத்தர் ஒருவர் வந்து சேர்வதாகக் கொள்வோம். லாரியில் வந்திறங்கும் இரும்புக் கம்பிகளை எண்ணி வரவு வைப்பது அவர் வேலை. பொறுப்பைக் கோரும் பொருட்டு அவர் திரையைத் திறக்கிறார். அங்கே தென்படுபவை இவை:

```
Z_MM_PO_CR_PN01
Z_MM_GR_POST_PN01
Z_MM_ALL_PN01
```

அவருக்கு உரியது இரண்டாவது. ஆனால் அதை அவர் எங்ஙனம் அறிவார்? 'போஸ்ட்' என்றால் தபால் அல்லது பதவி என்பதே தமிழர் செவிக்குப் பழகிய பொருள். கணக்கில் பதிவதையும் அச்சொல் குறிக்கும் என்பது கணக்கர்களுக்கே தெரியும். ஆகவே அவர், எதற்கும் குறைவிராதென்று எண்ணி, மூன்றாவதைக் கோருகிறார். மேலதிகாரிக்கும் அப்பெயர் விளங்காமையால், வேலை தடைப்படலாகாதென்று ஒப்புதல் அளித்துவிடுகிறார்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. மூன்றாவது பொறுப்பில் கொள்முதல் ஆணை பிறப்பிக்கும் ME21N, சரக்கை வரவு வைக்கும் MIGO, விற்பனையாளரின் பட்டியலைப் பதியும் MIRO ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன எனக் கொள்வோம். ஆணை, வரவு, பட்டியல் ஆகிய மூன்றும் ஒத்திருந்தால் பணம் தரலாம் என்பதே கணினியின் சோதனை. மூன்றையும் ஒருவரே எழுதுவாராயின், வராத சரக்கிற்கும் அவை ஒத்தே நிற்கும். எழுத்தர் நேர்மையானவராயினும், அவருடைய கடவுச்சொல் பிறர் கைக்குப் போனால் இதே வாயில் திறந்துவிடும்.

பெயரை நீட்டி இதனைச் சரிசெய்ய இயலாது. அம்மென்பொருளில் பொறுப்பின் பெயருக்கு 30 எழுத்துகளே இடம். பெயரோடு ஒரு விளக்கமும் வேண்டும். அவ்விளக்கம் இவ்வாறு அமையலாம்:

"பீன்யா பண்டகசாலைக்கு வந்த சரக்கைக் கொள்முதல் ஆணையோடு ஒப்பிட்டு வரவு வைப்பதற்கு. ஆணை பிறப்பிக்கவோ பட்டியல் பதியவோ இதனால் இயலாது. பொறுப்பாளர்: பண்டகசாலை மேலாளர். ஒப்புதல்: கோருபவரின் நேர் மேலதிகாரி, மேலாளரே கோரினால், நிதிப் பிரிவுத் தலைவர்."

முதல் வாக்கியம் செயலைக் கொண்டே தொடங்குகிறது. திரையில் பெரும்பாலும் முதற்சில சொற்களே தெரியுமாதலால், "இப்பொறுப்பானது நிறுவனத்தின்..." என்று தொடங்குவது இடத்தை வீணாக்கும். இயலாதவற்றைச் சொல்லும் இரண்டாம் வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுவர். தவறான தேர்வைத் தடுப்பதோ பெரும்பாலும் அதுவே.

பொறுப்பாளரும் ஒப்புதல் அளிப்பவரும் ஒருவரே என்று கருதுவது பொதுவான பிழை. பொறுப்பினுள் எந்தெந்தச் செயல்கள் இருக்க வேண்டும் என்பதற்குப் பதில் சொல்பவர் முன்னவர். இன்னாருக்கு அது தேவையா என்று முடிவு செய்பவர் பின்னவர். பிந்தைய கேள்வியை, ஆளின் அன்றாட வேலையை அறிந்தவரிடமே விட வேண்டும். கணினிப் பிரிவினரை இரண்டுக்கும் பொறுப்பாக்குவது எளிதாயினும் முறையன்று. கம்பி வந்ததா என்பது அவர்களுக்குத் தெரியாது. இருவரையும் பதவியாலேயே குறிப்பிடுவது நலம்; ஆளின் பெயரை எழுதினால், அவர் மாற்றலாகிச் சென்றபின் மனு அவருடைய பழைய பெட்டியிலேயே கிடக்கும்.

2016-இல் தொடங்கிய மத்திய அரசின் ஜெம் கொள்முதல் தளத்தைக் கையாண்டவர்க்கு இப்பகுப்பு புதிதன்று. அங்கே வாங்குபவர், சரக்கைப் பெற்றுச் சான்று தருபவர், பணம் வழங்கும் அதிகாரி எனச் செயலே பொறுப்பின் பெயராயிற்று. முதன்மைப் பயனாளர் என்பது மட்டும் இடறச் செய்யும் பெயர்: அலுவலகத் தலைவரே முதன்மையானவர் என்பதால் வாங்கவும் அவரால் இயலும் என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். பிறருக்குக் கணக்குத் திறந்து பொறுப்பளிப்பதே அவர் வேலை.

விளக்கம் பயன் தருகிறதா என்று அறிவது கடினமன்று. புதியவர் இருவரிடம் அதைக் கொடுத்து, எது இயலும், எது இயலாது என்று கேட்டால் போதும். "முன்பிருந்தவருக்கு உள்ளதே எனக்கும்" என்ற மனுக்கள் மிகுந்தால், விளக்கத்தை எவரும் படிக்கவில்லை, அல்லது படித்தும் விளங்கவில்லை என்று கொள்ளலாம். ஒரு வரம்பும் உண்டு: பொறுப்பினுள் புதிய செயலொன்றைச் சேர்த்து, விளக்கத்தைத் திருத்தாமல் விட்டால், தெளிவான அத்தமிழே படிப்பவரை ஏமாற்றும். எனவே செயலைச் சேர்க்கும் அதே மனுவில் திருத்திய விளக்கமும் இணைந்து வர வேண்டும். இணையாவிடின் பொறுப்பாளர் அதனைத் திருப்பி அனுப்ப வேண்டும்.