வலையா, தேநீரா?

படிவம் நான்கில் படித்தபோது சாரணர் முகாமில் ஒரு போட்டி. திடலின் மறுமுனையில் ஆசிரியர் டார்ச் விளக்கை அடித்து மோர்ஸ் குறியீட்டில் ஒரு பொருளின் பெயரைச் சொல்வார். அதை நாங்கள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். என் குழுவின் இளைய மாணவன் பார்த்து எழுதினான், நான் படித்தேன். தாளில் இருந்தது நான்கே குறிகள்: கோடு, புள்ளி, புள்ளி, கோடு. NET என்று படித்து, பூப்பந்து வலையை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன். ஆசிரியர் கேட்டதோ ஒரு தேநீர்ப் பொட்டலம்!

எல்லார் முன்னிலையிலும் அவனைத் திட்டினேன். “பார்த்ததைத்தானே எழுதினேன், அண்ணே,” என்றான். உண்மைதான். நான்கு குறிகளும் சரியாகவே இருந்தன.

```
- . .-    TEA
-. . -    NET
```

மோர்ஸில் ஒரு கோடு மூன்று புள்ளிகளின் நேரம் நீடிக்கும். ஓர் எழுத்துக்குள் குறிகளுக்கு இடையே ஒரு புள்ளி நேரமும், எழுத்துகளுக்கு இடையே மூன்று புள்ளி நேரமும் விளக்கு அணைந்திருக்கும். இந்த இரண்டு சொற்களையும் அனுப்ப ஆகும் மொத்த நேரம்கூட ஒன்றுதான்: 15 புள்ளி நேரம். நீண்ட இடைவெளி எங்கே விழுகிறது என்பது மட்டுமே வேறுபாடு. அது தாளில் ஏறவில்லை.

அப்படி இடைவெளி தொலைந்தால் என்ன செய்வது? நான்கு குறிகளுக்கு நடுவே மூன்று இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் வெட்டலாம், அல்லது வெட்டாமல் விடலாம். ஆக, எட்டு வழிகள். வெட்டவே இல்லையென்றால் அது X என்ற ஒரே எழுத்து. எட்டையும் எழுதிப் பார்த்திருந்தால் NET, TEA இரண்டும் என் கண்ணில் பட்டிருக்கும். நானோ முதலில் கிடைத்த சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

நீண்ட செய்தியில் அடுத்தடுத்த சொற்கள் நம்மைத் திருத்திவிடும். ஒரே சொல்லில் அந்த உதவி கிடையாது.

“எஸ்ஓஎஸ் இடைவெளியே இல்லாமல்தானே அனுப்பப்படுகிறது?” என்று நீங்கள் கேட்கலாம். ஆம். மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என ஒரே தொடராகத்தான் அது போகும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மட்டும் வைத்து அதை வெட்டினாலே 192 விதமாகப் படிக்கலாம். ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. 1906-இல் பெர்லினில் கூடிய அனைத்துலக மாநாடு அந்த ஒன்பது குறிகளையும் ஒரே அபாய அழைப்பாக ஏற்றுக்கொண்டது. முன்கூட்டியே உடன்பாடு இருந்தால் இடைவெளி தேவையில்லை. எங்களுக்குள் அப்படி எந்த உடன்பாடும் இல்லை.

ஆகவே, மோர்ஸ் கற்றுத்தருபவர்கள் எழுத்துப் பட்டியலுக்கு முன்பே ஒரு பழக்கத்தைச் சொல்லித்தர வேண்டும் என்பேன்: ஒவ்வோர் எழுத்து முடிந்ததும் தாளில் ஒரு சாய்கோடு. படிப்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சாய்கோடு இல்லாத தாள் கைக்கு வந்தால், பொருந்தும் சொற்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். அன்று நான் கேட்டிருந்தால் ஒரு நிமிடம்தான் போயிருக்கும். அந்தத் தம்பியும் திட்டு வாங்கியிருக்க மாட்டான்.