கீஃப்ரேமைக் கூட்டினால் கேமரா சீராகாது

கட்டட மாதிரிக்குள் கேமராவை நடத்திக்காட்டும் அனிமேஷன் வேலையில் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. அசைவு குலுங்கினால் கீஃப்ரேம்களைக் கூட்டு. வெட்டி வெட்டிப் போனால் எல்லாக் கீயிலும் ஈஸிங் போடு. அதற்கும் அடங்காவிட்டால் விநாடிக்கு 60 பிரேம் வைத்து ரெண்டர் செய். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு முதலில் சொல்லித்தரப்படுவதும் இதுதான். மூன்றும் கோளாறு இருக்கும் இடத்தைத் தொடுவதே இல்லை.

இதைப் பரிசோதிக்க நல்ல கட்டடம் ஒன்று உண்டு. மீஸ் வான் டெர் ரோ 1929-இல் வடிவமைத்து, 1986-இல் அதே இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்ட பார்சலோனா பெவிலியன். பிளெண்டர் மென்பொருளுக்கான இலவச மாதிரிக் கோப்புகளில் அதுவும் இருக்கிறது. படியேறி 3 மீட்டர் நடந்து உள்ளே நுழைவது, ஓனிக்ஸ் கல்சுவரைக் கடந்து 12 மீட்டர் போவது, பிறகு திரும்பி, கோல்பேயின் சிலை நிற்கும் சிறு குளத்தை நோக்கி 6 மீட்டர். ஒரு ஷாட்டுக்கு இப்படி 21 மீட்டர் வழி என்று வைத்துக்கொள்வோம்.

பலரும் செய்வது, ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் கேமராவை நிறுத்தி ஒரு கீ வைத்து, இடைவெளிக்கு 2 விநாடி என்று சமமாகப் பிரிப்பது. ஸ்கெட்ச்அப்பில் காட்சியிலிருந்து காட்சிக்குப் போகும் நேரமும் மாற்றாமல் விட்டால் இப்படித்தான் ஒரே அளவாக அமையும். விளைவு என்ன? முதல் துண்டில் விநாடிக்கு ஒன்றரை மீட்டர், இரண்டாவதில் 6, மூன்றாவதில் 3. மனிதர் இயல்பாக நடப்பது விநாடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர். ஓனிக்ஸ் சுவரைப் பார்க்க வந்தவர் அதைத் தாண்டி மணிக்கு 21 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறார்.

அப்படியானால் இடையில் இன்னும் கீ வைத்தால் சரியாகுமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 25 பிரேம் என்ற வேகத்தில், 10 பிரேமுக்கு ஒரு கீ வைத்தால், நடைவேகத்தில் இரண்டு கீக்கு நடுவே 56 சென்டிமீட்டர்தான் வரும். மௌஸால் நகர்த்தும்போது ஒரு கீயை 10 சென்டிமீட்டர் முன்னே தள்ளிவிட்டால், அதற்கு முந்தைய துண்டு 66 ஆகும், அடுத்தது 46 ஆகும். வேகம் 1.65-இலிருந்து 1.15-க்கு விழுகிறது. கண் இதை ஒரு தடுமாற்றமாகவே உணரும். அதே 10 சென்டிமீட்டர் பிழை 4 மீட்டர் இடைவெளியில் நேர்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கையால் வைக்கும் ஒவ்வொரு கீயும் ஒரு பிழைக்கான வாய்ப்பு. நெருக்கி வைக்கும்போது அந்தப் பிழை பெரிதாகிறது.

ஈஸிங் பற்றிய நம்பிக்கை இன்னும் ஆழமானது. அதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிளெண்டரில் கேமராவின் இடம் X, Y, Z என்று மூன்று தனித்தனிக் கோடுகளாகப் பதிவாகிறது. மாற்றாமல் விட்டால் கீகளுக்கு இடையே பெசியே வளைவும், தானாகக் கட்டுப்படும் கைப்பிடிகளும் அமையும். செங்கோணத் திருப்பத்தில் X-இன் ஓட்டம் முடிகிறது, Y-இன் ஓட்டம் தொடங்குகிறது. அந்த மூலையில் இரண்டு கோடுகளையும் மென்பொருள் சமதளமாக்கிவிடும். அதாவது இரண்டு திசையிலும் வேகம் பூஜ்யம். திருப்பத்தில் கேமரா நின்று, பிறகு கிளம்புவது இதனால்தான். ஈஸிங் போதாததால் வந்த கோளாறு அல்ல, தேவையில்லாத இடத்தில் ஈஸிங் நுழைந்ததால் வந்தது.

வழி எப்படி வளைகிறது என்பதையும், அதன் மேல் எப்போது எங்கே இருக்கிறோம் என்பதையும் பிரித்துவிடுவதே சரியான மருந்து. வழியை ஒரே வளைகோடாக வரைந்து, கேமராவுக்கு `Follow Path` கொடுத்து, `Fixed Position` என்பதைத் தேர்ந்தால் `Offset Factor` என்ற ஒரே எண் 0-இலிருந்து 1 வரை போகும். (கேமராவின் சொந்த இடத்தை முதலில் பூஜ்யமாக்க வேண்டும். மறந்தால் அது வழியை விட்டுத் தள்ளியே மிதக்கும்.) இனி நேரம் முழுக்க இந்த ஒரு கோட்டில்தான்.

21 மீட்டரை 1.4 வேகத்தில் நடக்க 15 விநாடி. தொடக்கத்தில் 2 விநாடி மெல்ல வேகமெடுத்து, முடிவில் 2 விநாடி மெல்லத் தணிய வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் சராசரி வேகம் பாதிதான், எனவே ஒவ்வொன்றும் 1.4 மீட்டரையே கடக்கும். நடுவில் மீதி 18.2 மீட்டருக்கு 13 விநாடி. ஆக 17 விநாடி, 425 பிரேம். நான்கே கீ போதும்:

```
frame   1   0.0000   Quadratic, Ease In
frame  51   0.0667   Linear
frame 376   0.9333   Quadratic, Ease Out
frame 426   1.0000
```

இந்த எண்கள் வசதிக்காகத் தேர்ந்தவை அல்ல. குவாட்ராடிக் ஏற்றம் முடியும் இடத்தில் அதன் சரிவு பிரேமுக்கு 0.00267, நடுவிலுள்ள நேர்கோட்டின் சரிவும் அதேதான். இரண்டும் பொருந்துவதால் 51-ஆம் பிரேமில் உதறல் இல்லை. ஏற்ற நேரத்தை மட்டும் 1 விநாடியாகக் குறைத்து மதிப்பை மாற்றாமல் விட்டால், ஏற்றத்தின் முடிவில் வேகம் நடைவேகத்தைப்போல் இரு மடங்காகி, உடனே சரியும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் படம் தலைசுற்ற வைக்கலாம். காரணம் பார்வை. 1 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 90 பாகை திரும்பும் வழி 1.57 மீட்டர், நடைவேகத்தில் அது சுமார் 1.1 விநாடிதான். பார்வையும் வழியோடு ஒட்டித் திரும்பினால், விநாடிக்கு 80 பாகை. 60 பாகைக் கோணமுள்ள லென்ஸில், 1920 பிக்சல் அகலப் படத்தில், ஒவ்வொரு பிரேமுக்கும் பிம்பம் ஏறக்குறைய 100 பிக்சல் தாவும். பெவிலியனின் மெல்லிய குரோம் தூண்கள் இந்தத் தாவலில் ஒன்று பலவாகி மினுங்கும்.

இங்கேதான் 60 பிரேம் வாதம் வருகிறது. தாவல் சுமார் 40 பிக்சலுக்கு இறங்கும் என்பது உண்மை, மினுங்கலும் குறையும். ஆனால் அறை விநாடிக்கு 80 பாகை சுழல்வது மாறாது. பார்ப்பவருக்குத் தலைசுற்றல் தருவது அந்தச் சுழற்சி. பிரேமுக்கு 2 நிமிடம் ரெண்டர் ஆகும் கணினியில் 425 பிரேம் சுமார் 14 மணி நேரம். 1020 பிரேம் 34 மணி நேரம். திரைப்பட ஒளிப்பதிவில் ஒரு பழைய கணக்கு புழங்குகிறது: விநாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏறக்குறைய 7 விநாடி ஆகவேண்டும். நம் லென்ஸுக்கு அது விநாடிக்கு 9 பாகைகூட இல்லை.

சிறிய உள்ளறையில் அந்த அளவை எட்டுவது கடினம். ஆனாலும் பார்வையை வழியிலிருந்து கழற்றிவிட்டால் பெருமளவு நெருங்கலாம். `Track To` கொடுத்து, கேமரா நோக்கும் புள்ளியை ஓர் `Empty` ஆக வைத்து, அதைத் தனியே நகர்த்த வேண்டும். மனிதர் திரும்புவதற்கு முன்பே தலை அந்தப் பக்கம் போய்விடும். அதேபோல் புள்ளியும் மூலைக்கு 2 விநாடி முன்பே குளத்தை நோக்கி நகரத் தொடங்கி, மொத்தம் 5 விநாடியில் திரும்பி முடிக்கட்டும். சராசரி விநாடிக்கு 18 பாகை, பிரேமுக்கு 23 பிக்சல். வளைவின் ஆரத்தை 1 மீட்டரிலிருந்து 2 ஆக்க இடமிருந்தால் இன்னும் இதமாகும்.

ரெண்டருக்கு அனுப்புமுன் கேமராவின் `Motion Paths` பகுதியில் `Calculate` அழுத்திப் பார்ப்பது நல்லது. பிரேமுக்கு ஒரு புள்ளி வீதம் வழிமேல் விழும். தொடக்கத்திலும் முடிவிலும் புள்ளிகள் நெருங்கி, நடுவில் ஒரே இடைவெளியில் இருந்தால் வேகம் சீர். நடுவில் எங்காவது அவை குவிந்திருந்தால் அங்கே கேமரா தயங்குகிறது. `Offset Factor` கோட்டில் அந்த இடத்தில் தேவையில்லாத கீ ஒன்று உட்கார்ந்திருக்கும், அதை அழித்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும்.