முதலில் முடித்தவனே தடையானால்?

நான் படித்த இடைநிலைப்பள்ளியின் புதிர்க் கழகத்தில் சென்ற ஆண்டு முதல் உதவி வருகிறேன். முதல் சந்திப்பிலேயே நாங்கள் ஒரு தவறு செய்தோம். படிவம் ஒன்று, இரண்டு மாணவர்களை நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, முதலில் முடிக்கும் குழுவுக்குச் சாக்லெட் பெட்டி தருவதாக அறிவித்தோம். வென்ற குழுவில் ஒரே ஒரு மாணவன்தான் எல்லாத் துண்டுகளையும் தன் பக்கம் இழுத்துப் போட்டு முடித்தான். தமிழ்ப்பள்ளியிலிருந்து அந்த ஆண்டுதான் வந்திருந்த ஒரு மாணவி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பிரித்தபோது அவளுக்கும் ஒரு சாக்லெட் கிடைத்தது. "நான் ஒண்ணும் செய்யலையே அக்கா," என்று அதை என்னிடமே நீட்டினாள்.

அந்த மாணவனைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் வேகத்துக்குப் பரிசு வைத்தோம். வேகமாக முடிக்கக் குறுக்குவழி, திறமையானவன் தனியாகச் செய்வதுதான். ஒத்துழைப்பைக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால், ஒருவரால் தனியாக முடிக்கவே முடியாத புதிர் வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காத மதிப்பீடும் வேண்டும்.

அத்தகைய புதிர் ஒன்று பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. சமூக உளவியலாளர் அலெக்ஸ் பேவலாஸ் உருவாக்கிய ஐந்து சதுரப் புதிரில், ஐந்து பேர் 15 துண்டுகளைப் பகிர்ந்து, ஆளுக்கொரு சதுரம் அமைக்க வேண்டும். விதிகள் கடுமையானவை. பேசக்கூடாது. கையசைத்துக் கேட்கக்கூடாது. பிறர் துண்டை எடுக்கக்கூடாது. தன்னிடம் இருப்பதைப் பிறருக்குக் கொடுக்க மட்டுமே அனுமதி உண்டு.

எங்கள் கழகத்துக்காக நாங்கள் இதை நால்வருக்கான எளிய வடிவில் செய்தோம். நீங்களும் ஒரு மணிலா அட்டையில் செய்து பார்க்கலாம். 12 செ.மீ. பக்கமுள்ள நான்கு சதுரங்களை வெட்டுங்கள். அவற்றில் மூன்றின் ஒரு மூலையிலிருந்து 6 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டியெடுங்கள். மிஞ்சுவது தமிழ் எழுத்து 'ட' போல இருக்கும். நான்காவது சதுரத்தை நடுவில் வெட்டி, அதில் ஒரு பாதியை மீண்டும் இரண்டாக வெட்டுங்கள். இப்போது மூன்று 'ட' துண்டுகள், ஐந்து சிறு சதுரங்கள், ஒரு நீள்சதுரம் என மொத்தம் ஒன்பது துண்டுகள் இருக்கும்.

இவற்றை உறைகளில் போடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் உறையில் நான்கு சிறு சதுரங்கள். இரண்டாவதில் இரண்டு 'ட'. மூன்றாவதில் ஒரு 'ட'. நான்காவதில் நீள்சதுரமும் மீதி ஒரு சிறு சதுரமும்.

முதல் உறையைப் பெற்றவர் சில விநாடிகளிலேயே நான்கு சிறு சதுரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சதுரம் அமைத்துவிடுவார். அளவும் சரியாக 12 செ.மீ. இருக்கும். ஆனால் மற்ற மூவராலும் முடிக்க முடியாது. ஒவ்வொரு 'ட'வுக்கும் ஒரு சிறு சதுரம் தேவை, நீள்சதுரத்துக்கு இரண்டு தேவை. இருக்கும் ஐந்தில் நான்கு, முதலில் முடித்தவரின் சதுரத்துக்குள் சிக்கியிருக்கின்றன. அவர் தன் சதுரத்தைக் கலைத்து, மூவருக்கும் ஒவ்வொன்று கொடுக்க வேண்டும். இரண்டு 'ட' வைத்திருப்பவர் ஒன்றை அவருக்குத் தர வேண்டும். அப்போதுதான் நான்கு சதுரங்களும் அமையும்.

எங்கள் கழகத்தில் இதை நடத்தியபோது, முதல் உறை அதே வேகமான மாணவனுக்குக் கிடைத்தது. சதுரத்தை அமைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். மற்றவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். வெகுநேரம் எதுவும் நகரவில்லை. நீள்சதுரம் வைத்திருந்தவள் அந்த அமைதியான மாணவி. தன்னிடம் இருந்த ஒரே சிறு சதுரத்தை எடுத்துப் பக்கத்திலிருந்த தோழியின் 'ட'வுக்கு அருகில் வைத்தாள். தோழியின் சதுரம் முழுமையானது. அந்த இடைவெளி நிரம்பியதைப் பார்த்ததும் அவன் தன் சதுரத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு மெல்ல ஒரு துண்டைப் பிரித்தெடுத்தான்.

பேசக்கூடாது என்ற விதி நம் பள்ளிகளில் இன்னொரு வேலையும் செய்கிறது. பல இனத்தவர் சேர்ந்த குழுவில், மலாய் மொழி சரளமாக வருபவரே பெரும்பாலும் தலைமையேற்கிறார். சொல் தடுமாறுபவர் யோசனை இருந்தும் ஒதுங்கிவிடுகிறார். யாருமே பேசாத மேசையில் அந்தக் குறை தெரிவதில்லை.

சரி, இதற்கு எப்படிப் புள்ளி கொடுப்பது? கொடுத்த துண்டுகளை எண்ணிப் புள்ளி தரலாம் என்று முதலில் நினைத்தோம். அடுத்த வாரமே மாணவர்கள் காரணமில்லாமல் துண்டுகளை மாறி மாறித் தள்ளிவிடத் தொடங்கினார்கள். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் பெருக்குவார்கள் என்று புரிந்தது. இப்போது மூன்று கேள்விகள் மட்டுமே கேட்கிறோம். 20 நிமிடத்துக்குள் நான்கு சதுரங்களும் அமைந்தனவா? ஐந்தாம் நிமிடமும் பத்தொன்பதாம் நிமிடமும் எங்களுக்கு ஒன்றுதான். விதி மீறாமல் முடித்தார்களா? கடைசியாக, சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்படும் ஒருவர், குழு எங்கே சிக்கியது, எதனால் விடுபட்டது என்று தனக்கு வரும் மொழியில் விளக்க முடிகிறதா? யார் பெயர் வரும் என்று தெரியாததால், ஒருவர் செய்ய மற்றவர் வேடிக்கை பார்ப்பது குறைகிறது. எல்லாக் குழுக்களும் முழுப் புள்ளி பெறலாம்.

விரைவில் முடிக்கும் குழுவுக்குப் பரிசு இல்லை; வேலை உண்டு. புதிய அட்டையும் கத்தரிக்கோலும் தருகிறோம். மற்றொரு குழுவை ஏமாற்றக்கூடிய ஒரு பொய்ச் சதுரத்துடன் அவர்களே புதிர் உருவாக்க வேண்டும். இது தேவையும்கூட. விடை தெரிந்தபின் பழைய புதிர் அதே மாணவர்களுக்குப் பயன்படாது.

நடத்துபவர் செய்யக்கூடிய பெரிய தவறு, அவசரப்பட்டுக் குறிப்புக் கொடுப்பது. "உன் சதுரத்தைக் கலைச்சுப் பாரேன்" என்று நாம் சொல்லிவிட்டால், அவன் நமக்குக் கீழ்ப்படிகிறான், குழுவைக் கவனிக்கவில்லை. மற்றவர்கள் முறைத்துப் பார்த்ததால் கலைப்பதும் அப்படித்தான். வித்தியாசத்தை எப்படி அறிவது? தானாக உணர்ந்தவர் ஒரு துண்டை எடுக்குமுன் மற்றவரின் இடைவெளியைப் பார்ப்பார். தேவையான இடத்தில் வைப்பார். வற்புறுத்தலுக்குப் பணிந்தவர் நான்கையும் மேசை நடுவே தள்ளிவிடுவார்.

போட்டி இல்லாவிட்டால் ஆர்வம் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். முதல் வாரங்களில் எங்களுக்கும் "யார் அக்கா ஜெயிச்சது?" என்ற கேள்வி ஓயவில்லை. வேகத்துக்கு இடம் தரப் புதிர்ப்போட்டிகளும் ஓட்டப்பந்தயங்களும் இருக்கின்றன, அவை இருக்கட்டும். ஒருமுறை ஆடியதால் ஒரு மாணவன் மாறிவிடுவான் என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த மாணவன் இன்றும் கையை முதலில் நீட்டுபவன்தான். ஆனால் ஒத்துழைப்பு என்று பெயர் வைத்துவிட்டு, முதலில் முடித்த குழுவுக்கு மட்டும் கைதட்டுவதை நம் கழகங்கள் நிறுத்த வேண்டும்.

சென்ற மாதம் குலுக்கலில் அந்த மாணவியின் பெயர் வந்தது. தமிழும் மலாயும் கலந்து, எந்தத் துண்டு எங்கே சிக்கியிருந்தது என்று விரலால் காட்டி விளக்கினாள். அன்று சாக்லெட் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை அவள் என்னிடம் திருப்பித் தரவில்லை.