எந்த நாளின் கணக்கு?

2018 வெள்ளம் கேரளத்தைப் புரட்டிப்போட்ட நிதியாண்டில் மாநிலப் பொருளாதாரம் எவ்வளவு வளர்ந்தது? திருவனந்தபுரத்தில் மாநிலத் திட்ட வாரியம் தயாரித்து, 2020 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கை 7.5 சதவீதம் என்றது. 2021 ஜனவரியில் வந்த அடுத்த அறிக்கையில் அதே ஆண்டின் வளர்ச்சி 6.49 சதவீதமாகக் குறைந்தது. இதில் மோசடி எதுவும் இல்லை. முதல் மதிப்பீடு கைக்குக் கிடைத்த தரவுகளைக் கொண்டு போடப்படுகிறது. விளைச்சல் கணக்கும் நிறுவனங்களின் வரவு செலவும் முழுமையாக வந்து சேரச் சேர அது திருத்தப்படுகிறது. சிக்கல் இந்த இரண்டில் எதை எடுத்துப் பேசுவது என்பதில்தான் இருக்கிறது.

வெள்ள ஆண்டில் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பவர் ஆகக் கடைசியாக வந்த எண்ணையே எடுக்க வேண்டும். ஆனால் 2020 பட்ஜெட்டின் வருவாய் எதிர்பார்ப்பு நியாயமானதா என்று எடைபோடுபவருக்கு அந்த எண் உதவாது. அன்று நிதித்துறையின் மேசையில் இருந்தது 7.5தான். 6.49ஐக் காட்டி, 'இதுகூடத் தெரியாமலா திட்டமிட்டார்கள்' என்று கேட்பது, பதினோரு மாதம் கழித்து வெளிவந்த எண்ணை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று கேட்பதாகும்.

இதைவிட மோசமான பிழை, இரண்டு வெளியீடுகளையும் ஒரே கணக்கில் கலப்பது. 2017-18இன் உற்பத்தியை 100 என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்குப்படி அடுத்த ஆண்டு 107.5, புதிய கணக்குப்படி 106.49. புதிய அறிக்கை 2019-20க்குத் தந்த வளர்ச்சி 3.45 சதவீதம், அதன்படி அந்த ஆண்டின் அளவு சுமார் 110.16. இதைப் பழைய 107.5உடன் ஒப்பிட்டால் வளர்ச்சி 2.5 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. கிட்டத்தட்ட ஒரு சதவீதப் புள்ளி காணாமல் போகிறது. பொருளாதாரத்தில் எதுவும் நடக்கவில்லை, அட்டவணைதான் மாறியிருக்கிறது.

ஆகவே பழைய எண்ணையும் அதன் தேதியோடு வைத்திருக்க வேண்டும். தவறென்று தெரிந்த எண்ணை ஏன் பாதுகாக்க வேண்டும், குழப்பம்தானே மிஞ்சும் என்பார்கள். அந்தக் கவலை நியாயமானதே. தேதியில்லாமல் இரண்டு எண்கள் உலவினால் அவரவர் தமக்கு வசதியானதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் பழையதை அழித்துவிட்டால், முதல் மதிப்பீடுகள் வழக்கமாக எந்தப் பக்கம், எவ்வளவு பிழைபடுகின்றன என்பதை அறியும் வழியே அடைபடும். அந்தப் பிழையின் அளவு தெரிந்தால்தான் அடுத்த பட்ஜெட்டில் முதல் மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும். அமெரிக்காவில் பிலடெல்பியா பெடரல் ரிசர்வ் வங்கி, ஒவ்வொரு காலகட்டத்திலும் கையில் இருந்த எண்களை அப்படியே தொகுத்து வெளியிடுகிறது. அடிப்படை ஆண்டே மாறும்போது மட்டும் பழைய, புதிய தொடர்களை நேரடியாக ஒப்பிட முடியாது; அதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடலாம்.

மாநிலப் பொருளாதார, புள்ளிவிவரத் துறை ஒவ்வொரு ஆண்டின் எல்லா மதிப்பீடுகளையும் வெளியான தேதியோடு ஒரே அட்டவணையில் தர வேண்டும். சட்டமன்றத்தில் வளர்ச்சி எண்ணைச் சொல்லும் உறுப்பினர், அது எந்த அறிக்கையின் எண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.