கேள்வி-பதில்: ‘மூணு ஏக்கர், அஞ்சு நிமிஷ நடை’... வரைபடம் என்ன சொல்கிறது?

கேள்வி: “ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தில் மா, தென்னை வைக்கத் தோதான ஓர் இடம் விலைக்கு வருகிறது. ‘மூணு ஏக்கர், தார்ச்சாலையிலிருந்து அஞ்சு நிமிஷ நடைதான்’ என்கிறார் தரகர். கிராம வரைபடத்தின் நகலும், கம்ப்யூட்டரில் எடுத்த புலப்படமும் (எஃப்.எம்.பி) கையில் இருக்கின்றன. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு, தூரத்தையும் பரப்பையும் நானே அளந்து பார்க்க முடியுமா? அளவுகளை எழுதி அனுப்பியிருக்கிறேன்.”
- வாசகர், ராஜபாளையம்.

பதில்: தாராளமாக முடியும். ஒரு ஸ்கேல், ஒரு துண்டு நூல், பென்சில் இருந்தால் போதும். ஆனால், அளக்கத் தொடங்கும் முன்பு, கையில் இருக்கும் தாள் சரியான அளவில்தான் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

உங்கள் புலப்படத்தில் 1:2000 என்று அளவுத்திட்டம் போட்டிருக்கிறது. தாளில் 1 செ.மீ என்றால், நிலத்தில் 2,000 செ.மீ, அதாவது 20 மீட்டர் என்று அர்த்தம். கிராம வரைபடத்தில் 1:5000 என்று இருக்கிறது. அதில் 1 செ.மீ என்பது 50 மீட்டர்.

தாளைச் சோதிப்பது எப்படி?

புலப்படத்தில் எல்லைக்கோடுகளின் மேல் மீட்டர் கணக்கில் எண்கள் இருக்கும். அவை நிலத்தில் அளந்த அளவுகள். உங்கள் இடத்தின் கிழக்கு எல்லையில் 104.0 என்று இருக்கிறது. 1:2000 அளவில் அந்தக் கோடு தாளில் 5.2 செ.மீ இருக்க வேண்டும். நீங்கள் அளந்து எழுதியிருப்பது 4.9 செ.மீ. படத்தைத் தாளுக்குள் அடக்குவதற்காக பிரின்டர் அதைச் சுருக்கியிருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்கும்போதும் இப்படி ஆவதுண்டு. கைபேசித் திரையில் படம் விரலசைவுக்கு ஏற்பப் பெரிதாகும், சிறிதாகும் என்பதால், அதன் மேல் ஸ்கேல் வைத்து அளக்கவே கூடாது.

சுருங்கிய தாளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 104 மீட்டரை 4.9-ஆல் வகுத்தால் 21.22 வரும். இந்தத் தாளில் 1 செ.மீ என்பது 20 மீட்டர் அல்ல, 21.22 மீட்டர். இனி இந்தத் தாளுக்கு இதுதான் கணக்கு. இன்னொரு எல்லைக்கோட்டையும் இப்படிச் சோதித்து, அதே எண் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கோடு நீளவாக்கில் இருந்தால், இரண்டாவதைக் குறுக்குவாக்கில் எடுங்கள்.

கிராம வரைபடத்தில் மீட்டர் எண்கள் இருக்காது. அதே கிழக்கு எல்லை 1:5000 அளவில் சுமார் 2.1 செ.மீ இருக்க வேண்டும். உங்கள் நகலிலும் 2.1 என்றே எழுதியிருக்கிறீர்கள். ஆக, அந்தத் தாளில் பெரிய பழுதில்லை.

நடை எவ்வளவு?

தார்ச்சாலையிலிருந்து இடத்துக்கு நேர்க்கோட்டில் 9.2 செ.மீ என்று எழுதியிருக்கிறீர்கள். 50-ஆல் பெருக்கினால் 460 மீட்டர். நிமிடத்துக்கு 80 மீட்டர் நடந்தால் ஆறு நிமிடத்துக்குள் போய்விடலாம். தரகர் சொன்னது சரிபோலத்தான் தெரியும். ஆனால், அந்த நேர்க்கோடு கண்மாயின் குறுக்கே போகிறது.

வண்டிப்பாதை கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் வருகிறது. அதன் வளைவுகள் மேல் நூலை ஒட்டி வைத்து, பிறகு நூலை நிமிர்த்தி அளந்ததில் 17.4 செ.மீ வந்திருக்கிறது. அதாவது 870 மீட்டர், கிட்டத்தட்ட 11 நிமிட நடை. தலைச்சுமையோடு வந்தால் இன்னும் கூடும். டிராக்டருக்கும், காய் ஏற்ற வரும் வண்டிக்கும் இந்த 870 மீட்டர்தான் கணக்கு.

அந்தப் பாதைக்குத் தனி சர்வே எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருக்கிறதா எனக் கேளுங்கள். அடுத்தவர் பட்டா நிலத்துக்குள் போகும் பாதையாக இருந்தால், தூரம் குறைவாக இருந்தும் நாளைக்கு வழி மறிக்கப்படலாம்.

பரப்பு எவ்வளவு?

புலப்படத்தில் முழு சர்வே எண்ணும் இருக்கும். விற்பவரின் பட்டாவில் உள்ள உட்பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடம் நாலு மூலை கொண்டது. எதிரெதிர் மூலைகளைச் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு போட்டால், இரண்டு முக்கோணம் கிடைக்கும். நீங்கள் அனுப்பிய அளவின்படி குறுக்குக்கோடு 7.6 செ.மீ. மற்ற இரு மூலைகளிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தவை 3.3, 2.9 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 6.2. அதை 7.6-ஆல் பெருக்கி, பாதியாக்கினால் 23.56 சதுர செ.மீ.

தாளில் 1 சதுர செ.மீ என்பது நிலத்தில் எவ்வளவு? 21.22-ஐ 21.22-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 450 சதுர மீட்டர் வரும். ஆக, 23.56 சதுர செ.மீ என்பது ஏறக்குறைய 10,600 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால், இது 2 ஏக்கர் 62 சென்ட். பட்டாவில் 1.06.5 ஹெக்டேர் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது 2 ஏக்கர் 63 சென்ட். இரண்டும் ஒத்துப்போகின்றன. தரகர் சொன்ன மூன்று ஏக்கரில்தான் 37 சென்ட் குறைகிறது.

தாளைச் சோதிக்காமல் 20 மீட்டர் என்றே கணக்குப் போட்டிருந்தால், 2 ஏக்கர் 33 சென்ட்தான் வந்திருக்கும். பட்டாவே தப்பு என்று நினைத்திருப்பீர்கள். நீளத்தில் 6 சதவிகிதம் பிசகினால், பரப்பில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். பரப்புக்கு அந்த எண்ணை இரண்டு முறை பெருக்குகிறோம் அல்லவா, அதுதான் காரணம்.

விடுபட்ட 37 சென்ட் எங்கே என்று விற்பவரிடம் கேளுங்கள். ஓடை ஓரமோ, கண்மாய் ஓரமோ அனுபவத்தில் வைத்திருக்கும் புறம்போக்கையும் சேர்த்துச் சொல்வது உண்டு. கிரயம் பட்டாவில் உள்ள பரப்புக்குத்தான் செல்லும். சென்ட் கணக்கில் விலை பேசி, பத்திரத்திலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

எதுவரை நம்பலாம்?

செங்குத்துக்கோட்டை ஒரு மில்லிமீட்டர் கூட்டி அளந்தாலே, உங்கள் இடத்தில் 4 சென்ட் கூடிவிடும். எனவே, முப்பது சென்ட் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க இந்த முறை உதவும். இரண்டடி வரப்புத் தகராறுக்கு உதவாது. அதற்கு முறைப்படி விண்ணப்பித்து, அரசு நில அளவரை வைத்துக் கல் காட்டச் சொல்வதுதான் வழி.

செண்பகத்தோப்புப் பக்கம்போல மலையடிவாரச் சரிவில் இடம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வரைபடம் காட்டுவது சமமட்டத் தூரம். ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில், படத்தின் 100 மீட்டருக்கு 102 மீட்டர் பைப் வேண்டும். பரப்பில் சரிவைக் கணக்கிட வேண்டாம். பட்டாப் பரப்பும் சமமட்டக் கணக்குதான்.

சிலரிடம் ‘மைலுக்கு 16 அங்குலம்’ என்று போட்ட பழைய கிராம வரைபடம் இருக்கும். அதில் ஓர் அங்குலம் 330 அடி. ஒரு சதுர அங்குலம் சரியாக இரண்டரை ஏக்கர். அதை மீட்டர் வரைபடத்தின் கணக்கோடு கலந்துவிடாதீர்கள்.