போனை வையுங்கள், பழைய எண்ணுக்கு அழையுங்கள்

வைகை அணைப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் ஒரே செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்: "பணம் கேட்கும் குரல் இயந்திரம் மாதிரி இருந்தால் மோசடி." ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன், இது தவறான பாடம். பேரன் போட்ட சில நொடி வீடியோ போதும், அவன் குரலை அப்படியே செய்துவிடலாம். கூடவே அழுகையும் இரைச்சலும் சேர்ந்தால், இருக்கிற குறையும் காதில் படாது.

2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பழைய சக ஊழியரின் முகமே வீடியோ அழைப்பில் வந்தது. உறவினரின் அறுவை சிகிச்சைக்கு என்று 40,000 ரூபாய் கேட்க, அனுப்பிவிட்டார். மறுபடி 35,000 கேட்டபோதுதான் சந்தேகம் வந்து நண்பரை நேரடியாக அழைத்தார். நண்பரோ தான் பேசவே இல்லை என்றார். கண்ணும் காதும் ஏமாந்த இடத்தில், அந்த ஓர் அழைப்புதான் உண்மையைச் சொன்னது.

ஆகவே குரலை ஆராயாதீர்கள். என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். புது எண், உடனே பணம், யாரோ ஒருவர் கணக்கு, "அப்பாகிட்ட சொல்லாதீங்க தாத்தா" என்ற கெஞ்சல். இவை வந்தால் போனை வையுங்கள். உங்களிடம் இருக்கும் அவனுடைய பழைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். எடுக்காவிட்டால் அவன் அம்மாவை அழையுங்கள். உண்மையான பேரன் ஐந்து நிமிடம் பொறுப்பான்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.